ஏழெட்டு மாசம் என்றால் எத்தனை?

தமிழில் அளவைச் சொல்லும் சொற்களைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொன்னால் பெரும்பாலோர் தயங்காமல் ஆரம்பித்துவிடுவார்கள். ஓரிரு, ஒரு சில, சில, பல, பற்பல, ஏராளம், எண்ணற்ற. இதுவரை சண்டை வராது. 'சில'வுக்கும் 'பல'வுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். ஐந்து பேர் சிலரா, பலரா? எட்டுப் பேர்?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இலக்கணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவுக்காக மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். ஊழியர் தமிழில் சொல்வார். நான் ஆங்கிலத்தில் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் படிவத்தில் எழுதுவார். சம்பளப் பாக்கி, ஓட்டிப் பாக்கி, கையில் அடிபட்டது என்று எதுவானாலும், படிவத்தில் அளவு கேட்கும் எல்லாப் பெட்டியும் எண்ணைத்தான் கேட்கும். எங்கள் ஆட்கள் எண்ணில் பேசுவதில்லை. 'ரொம்ப நாளா', 'கொஞ்சப் பேர்தான்', 'ஏழெட்டு மாசமா', 'ரெண்டு மூணு மணி நேரம்' என்றுதான் பேசுவார்கள். நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன்.

முதலில் அந்த ஏணியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

'சில' என்பது சில் என்ற அடியிலிருந்து வருகிறது, 'பல' என்பது பல் என்ற அடியிலிருந்து. பன்மை என்ற சொல்லே 'பலவாக இருக்கும் தன்மை'தான். அதற்கு எதிர்ச்சொல்லாகச் சின்மை என்றும் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட இலக்கணத்தில் ஒருமை, பன்மை என்று இரண்டையும் படிக்கிறோம், சின்மையை யாரும் சொல்லித்தருவதில்லை. இலக்கணத்தைப் பொறுத்தவரை ஒன்றைத் தாண்டினால் எல்லாம் பன்மை. சமஸ்கிருதத்தில் இரண்டுக்கென்று தனி வடிவம் உண்டு, தமிழில் அதுவும் கிடையாது. ஆனால் பேச்சில் இரண்டு பேரைப் பார்த்து யாரும் 'பல பேர்' என்று சொல்வதில்லை. பன்மை இரண்டில் தொடங்குகிறது, 'பல' எங்கோ தள்ளித் தொடங்குகிறது. அந்த இடைவெளியில்தான் 'சில' உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சொற்களை இரட்டித்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பல, பலப்பல, பற்பல என்று இரட்டிக்கும்போது எண்ணிக்கை மேலே போகிறது. சில, சிற்சில என்று இரட்டிக்கும்போது மேலே போவதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இன்னும் குறைந்ததுபோலக் கேட்கிறது. இரட்டிப்பது பெருக்குவதற்காக அல்ல. அந்தச் சொல் எந்தத் திசையில் பார்க்கிறதோ அந்தத் திசையில் இன்னும் ஓரடி தள்ளிவிடுவதற்காக. இந்த வடிவங்கள் எப்படிப் புணரும் என்பதற்கு நன்னூலில் தனிச் சூத்திரமே இருக்கிறது, அவ்வளவு பழைய வழக்கம்.

'ஒரு'வும் இப்படித்தான். 'சில'வுக்கு முன்னால் போட்டால் அதைக் குறைக்கும்: ஒரு சிலர் என்பது சிலரைவிடக் கொஞ்சம் கம்மி. 'பல'வுக்கு முன்னால் ஒட்டவே ஒட்டாது, 'ஒரு பலர்' என்று யாரும் சொல்வதில்லை. எண்ணுக்கு முன்னால் போட்டால் வேறு வேலை பார்க்கும். 'பத்து பேர் வந்தாங்க' என்றால் எண்ணிய பத்து. 'ஒரு பத்து பேர் வந்தாங்க' என்றால் எட்டாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். ஒன்று என்ற பொருளுள்ள சொல் பத்தின் ஓரத்தைக் கரைத்துவிடுகிறது. இதை ஆங்கிலத்தில் கவனிக்காமல் வெறும் 'டென்' என்று சொல்லிவிட்டால், மதிப்பாகச் சொன்ன ஒருவர் எண்ணிச் சொன்னவராக ஆகிவிடுகிறார்.

இப்போது நடுவில் இருக்கும் பள்ளத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அங்கே 'செவரல்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு கைக்குள் அடங்கும் அளவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில். தமிழில் அதற்கு நேரான எழுத்து வழக்குச் சொல் இல்லை. அதனால் மொழிபெயர்ப்புகளில் அது பெரும்பாலும் 'பல' ஆகிவிடுகிறது. 'செவரல்' ஊழியர்கள் புகார் செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் படிப்பவருக்கு ஐந்தாறு முகம் தெரியும். 'பல ஊழியர்கள் புகார் செய்தனர்' என்று தமிழில் படிப்பவருக்கு வரிசை கட்டி நிற்கும் கூட்டம் தெரியும். 'சில' என்று போட்டால் இரண்டு மூன்று பேராகச் சுருங்கிவிடும். எதைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்கிறது.

பேச்சில் 'சில பல' என்று ஒன்று வந்திருக்கிறது. 'சில பல காரணங்களால் வர முடியல' என்கிறோம். அளவைப் பார்த்தால் 'செவரல்' இருக்கும் அதே இடம்தான். ஆனால் அதில் ஒரு குறும்பு கலந்திருக்கிறது, காரணத்தைச் சொல்ல விருப்பமில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. நண்பரிடம் சொல்லலாம், படிவத்தில் எழுத முடியாது.

உண்மையில் அந்தப் பள்ளத்தை நாம் சொல்லால் நிரப்பவில்லை, எண் ஜோடிகளால் நிரப்பியிருக்கிறோம். ரெண்டு மூணு, மூணு நாலு, நாலஞ்சு, அஞ்சாறு, ஆறேழு, ஏழெட்டு. ஆங்கிலம் ஒரே சொல்லால் மூடும் இடத்தில் நமக்கு இத்தனை படி. அதிலும் ஒன்பது வந்ததும் தாவிவிடுவோம்: எட்டுப் பத்து, அப்புறம் பத்துப் பன்னெண்டு, பத்துப் பதினஞ்சு, இருபது முப்பது, நூறு இருநூறு. எண் பெரிதாக ஆக ஜோடிக்கு நடுவிலுள்ள தூரமும் பெரிதாகிறது. மூணு நாலு என்பதில் ஒன்றுதான் வித்தியாசம். நூறு இருநூறு என்பதில் நூறே வித்தியாசம். நாம் பேசும்போது சமமாக அடித்த அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை, தூரம் போகப் போக கோடுகள் விலகிப்போகும் ஒரு கோலைப் பயன்படுத்துகிறோம்.

எந்தப் பொருளை எண்ணுகிறோம் என்பதும் அளவை மாற்றும். ஜெர்மனியில் ஹான்ஸ் ஹெர்மான் என்ற உளவியலாளர் 1983இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மன் மொழியில் 'சில'வுக்கு அருகில் இருக்கும் மூன்று சொற்கள் எத்தனையைக் குறிக்கின்றன என்று ஆட்களிடம் கேட்டார். பொருள் சின்னதாக இருந்தால் அதே சொல்லுக்குக் கூடுதல் எண்ணையும், பெரிதாக இருந்தால் குறைந்த எண்ணையும் சொன்னார்கள். தேக்கா சந்தையில் நின்றாலே இது புரியும். 'நாலு கறிவேப்பிலை போடுங்கண்ணே' என்றால் ஒரு கொத்தே பைக்குள் விழும். 'நாலு பஸ் போயிடுச்சு' என்றால் நிஜமாகவே மூன்றோ நான்கோதான். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பதில் நாலு என்பது எண்ணே இல்லை, அது ஊர்.

இந்த ஊரில் பக்கத்து மேசைகளிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். மாண்டரினில் 'எத்தனை' என்று கேட்கும் 'ஜி' என்ற சொல்லே 'சில' என்றும் ஆகும், பொதுவாகப் பத்துக்குக் கீழே இருக்கும் எண்ணிக்கைக்கு. மலாயில் 'பெராப்பா' என்றால் எத்தனை, அதிலிருந்து வரும் 'பெபெராப்பா' என்றால் சில. நாமும் 'எத்தனை'யிலிருந்து 'எத்தனையோ' என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம். ஆனால் நம்முடையது ஏணியின் மேல்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. 'எத்தனையோ பேர் வந்து போயிட்டாங்க' என்றால் சிலர் இல்லை, கணக்கற்றவர்கள். ஒரே கேள்விச் சொல்லிலிருந்து கிளம்பி அவர்கள் கீழே இறங்கினார்கள், நாம் மேலே ஏறிவிட்டோம்.

இனி மாடி அறைக்கு வருகிறேன்.

ஒரு மே மாதம் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் வந்தார். கட்டுமான வேலை. அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். "ஓட்டி ஒழுங்கா வரல மேடம்" என்றார்.

"எவ்ளோ நாளா அண்ணே?"

"அது ஆச்சு, ஏழெட்டு மாசம்."

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஓட்டி பாப்பீங்க?"

"டெய்லி ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும்."

இரண்டு பதில், இரண்டு ஜோடி. கேட்க ஒரே மாதிரி இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லை என்பது பிறகுதான் தெளிவானது.

முதலில் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காசு அதில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி மிகைநேரத்துக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். ஒரு மணி நேர அடிப்படைச் சம்பளத்தைக் கண்டுபிடிக்க மாதச் சம்பளத்தைப் 12ஆல் பெருக்கி, ஆண்டின் 52 வாரத்தை வாரத்தின் 44 மணி நேரத்தால் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். அண்ணனுக்கு அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 4 வெள்ளி 20 காசுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மடங்கு என்றால் ஏறக்குறைய 6 வெள்ளி 29 காசு.

மாதம் 26 வேலைநாள். தினம் இரண்டு மணி நேரம் என்றால் 52 மணி நேரம், சுமார் 327 வெள்ளி. தினம் மூன்று என்றால் 78 மணி நேரம், சுமார் 491 வெள்ளி. 'ரெண்டு' என்ற சொல்லுக்கும் 'மூணு' என்ற சொல்லுக்கும் நடுவில் மாதம் 164 வெள்ளி நிற்கிறது. ஏழு மாதத்துக்குப் பார்த்தால் 1,145 வெள்ளி. அவருடைய ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைவிட அதிகம். இன்னொன்றும் இருக்கிறது. மாதத்துக்கு மிகைநேரம் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு. இரண்டு என்றால் வரம்புக்குள், மூன்று என்றால் வெளியே. ஆக 'ரெண்டு மூணு' என்பது வரம்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே போனாலும் வேலை பார்த்த மணிக்குக் காசு உண்டு, ஆனால் அப்போது நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இன்னொன்று கூடிவிடுகிறது.

இந்த இடத்தில் எளிதாக நடக்கும் காரியம் ஒன்று உண்டு. கேட்பவர் பொறுமையிழந்து, "சரி, மூணுன்னே போட்டுக்கலாமா?" என்பார். அண்ணன் "சரிங்க மேடம்" என்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு எண்ணை நீட்டினால் அதை மறுப்பது மரியாதையில்லை என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு எண்ணம். அவர் சொன்ன 'சரி' அந்த எண்ணுக்கு இல்லை, கேட்டவருக்கு. ஆனால் படிவத்தில் அது அவருடைய வாக்குமூலம். பிறகு சமரசக் கூட்டத்தில் நிறுவனம் ஏதாவது ஒரு நாள் இரண்டு மணி நேரம்தான் என்று தாளைக் காட்டினால், மீதி எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். அதனால் எண்ணை நாம் கொடுக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத விதி. 'எத்தனை' என்று திரும்பத் திரும்பக் கேட்பதாலும் பயனில்லை. அதற்குப் பதில் 'எது' என்று கேட்க வேண்டும். எந்த நாள்? அன்றைக்கு எப்போது முடிந்தது? அது எப்படித் தெரியும்?

"எப்ப முடியும்னு எப்படிண்ணே தெரியும்?"

"முடிஞ்சதும் வீட்டுக்கு வாட்ஸாப்ல ஒரு மெசேஜ் போட்ருவேன் மேடம். வேலை முடிஞ்சுதுன்னு."

தினமும். மனைவிக்கு. ஒவ்வொரு செய்தியின் கீழும் நேரம் இருந்தது. லாரியில் ஏறிய பிறகு போட்டவையும் இருந்தன, பயண நேரம் வேலை நேரம் இல்லை என்பதால் அவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்தை மட்டும் எடுத்து உட்கார்ந்து எண்ணினோம். 26 நாளில் 11 நாள் இரண்டு மணி நேரம். 13 நாள் மூன்று மணி நேரம். 2 நாள் ஓட்டியே இல்லை. 22ம் 39ம் சேர்த்து 61 மணி நேரம், சுமார் 384 வெள்ளி. 72 மணி நேரத்துக்கு உள்ளேதான்.

ஆக அவர் 'ரெண்டு மூணு' என்றது குத்துமதிப்பே இல்லை. சில நாள் ரெண்டு, சில நாள் மூணு. துல்லியமாகத்தான் சொல்லியிருந்தார். நாம்தான் அதற்குப் பின்னால் ஒரே ஒரு எண் ஒளிந்திருக்கிறது என்று தேடினோம்.

'ஏழெட்டு மாசம்' அப்படியில்லை. அது ஏழாக இருக்க வேண்டும் அல்லது எட்டாக இருக்க வேண்டும், இரண்டாகவும் இருக்க முடியாது. அங்கே அவருக்கு நிஜமாகவே உறுதியில்லை. தமிழில் ஒரே மாதிரி ஜோடி, ஒன்று மாறுபடும் அளவு, மற்றது தெரியாத அளவு. ஆங்கிலத்தில் 'டூ ஆர் த்ரீ' என்று சொன்னாலும் இந்தக் குழப்பம் தீராது. மொழிபெயர்ப்பவர் திரும்பக் கேட்டுத்தான் ஆக வேண்டும்: "தினம் மாறுமா, இல்ல சரியா ஞாபகம் இல்லையா?" இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

மாதத்தை எண்ணால் தேடாமல் நாளால் தேடினோம். "கடைசியா ஓட்டி முழுசா வந்தது எப்ப?" தேசிய தினத்துக்கு முன்னால் வந்த சம்பளம் சரியாக இருந்தது, அதில் வாங்கிய காசைத்தான் தங்கை வளைகாப்புக்கு அனுப்பினேன் என்றார். அனுப்பிய ரசீது இருந்தது. அது ஜூலை சம்பளம். எனவே குறை ஆகஸ்டில் தொடங்குகிறது. ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரை விரல்விட்டால் ஒன்பது மாதம். அவர் சொன்னதைவிடக் கூடிவிட்டது. "நடுவுல எந்த மாசமாச்சும் ஒழுங்கா வந்துச்சா?" தீபாவளிக்கு முந்தைய மாதம் வந்தது. பிப்ரவரியில் ஊருக்குப் போயிருந்தார், ஓட்டியே இல்லை. ஒன்பதில் இரண்டு போக ஏழு.

ஏழெட்டு என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி 'எட்டு' என்று எழுதியிருந்தாலும் பிழை, நாள்காட்டியை மட்டும் நம்பி 'ஒன்பது' என்று எழுதியிருந்தாலும் பிழை. எந்த ஏழு மாதம் என்பதுதான் வேண்டும். 2016 ஏப்ரல் 1 முதல் இங்கே சம்பளச் சீட்டில் மிகைநேர மணிக்கணக்கைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். மாதம் தெரிந்தால்தான் அந்த மாதத்துச் சீட்டைக் கேட்க முடியும்.

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டால், அதற்கும் ஒரு கோடு இருக்கிறது. சம்பளக் கோரிக்கை முதலில் டிஏடிஎம் என்று அழைக்கப்படும் முத்தரப்பு அமைப்பிடம் சமரசத்துக்குப் போகும். அங்கே தீராவிட்டால் 2017 ஏப்ரலில் தொடங்கிய வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். வேலையில் இருப்பவர் பாக்கி ஏற்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். மிகைநேரச் சம்பளத்தை, சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் தர வேண்டும் என்பதால் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. மே மாதம் வந்த அண்ணனுக்கு ஏழு மாதமும் உயிரோடு இருந்தன. இதே அண்ணன் அக்டோபரில் வந்து "பத்துப் பன்னெண்டு மாசமாச்சு மேடம்" என்று சொல்லியிருந்தால், அந்த ஜோடிக்குள்ளேயே சில மாதம் செத்துப்போயிருக்கும்.

ஜோடிச் சொற்கள் இப்படிச் சட்டக் கோட்டின்மேல் போய் உட்காருவதை நான் வேறிடத்திலும் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூர்க் குற்றவியல் சட்டத்தின் 141ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டம் என்றால் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் என்கிறது. 1872இல் நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது, இந்தியத் தண்டனைச் சட்டத்தை அச்சாக வைத்து எழுதியது. அங்கேயும் 2024 வரை அதே பிரிவு எண்தான் இருந்தது, அதே ஐந்து. தமிழில் நாம் ஒரு சின்னத் தகராறைச் சொல்ல எந்த எண்ணைப் பயன்படுத்துவோம்? "நாலஞ்சு பேர் சேர்ந்து நின்னுட்டிருந்தாங்க." நாலு ஒரு பக்கம், அஞ்சு மறு பக்கம். சட்டம் கோடு கிழித்த இடத்திலேயே நமக்கு மிகப் பழகிய ஜோடி இருக்கிறது.

அதை 'ஃபோர் ஆர் ஃபைவ்' என்று சொன்னால் சொன்னவரின் சந்தேகம் அப்படியே போய்ச் சேரும், கேட்பவர் மேற்கொண்டு விசாரிப்பார். 'செவரல்' என்று சொன்னால் அந்தச் சந்தேகம் மறைந்துவிடும், ஐந்தைத் தாண்டிவிட்டதுபோல ஒலிக்கும். ஆங்கிலத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக ஜோடியைச் சொல்லாக மாற்றக் கூடாது என்று இதனால்தான் சொல்கிறேன். இந்த இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட நுணுக்கமாக இருக்கிறது, நுணுக்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மழுப்பலை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு சின்னச் சொல்லையும் விடக் கூடாது. 'தான்'. "கொஞ்சப் பேர் கையெழுத்துப் போட்டாங்க" என்பதும் "கொஞ்சப் பேர்தான் கையெழுத்துப் போட்டாங்க" என்பதும் ஒரே எண்ணிக்கையாக இருக்கலாம். ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்டால் போட்டவர்களைப் பற்றி யோசிப்போம், இரண்டாவதைக் கேட்டால் போடாதவர்களைப் பற்றி. ஆங்கிலத்தில் 'அ ஃபியூ', 'ஃபியூ' என்ற இரண்டுக்கும் இதே வேறுபாடு உண்டு என்று கிளாஸ்கோவின் லிண்டா மாக்ஸி, அந்தனி சான்ஃபோர்ட் என்ற இருவர் சோதனைகள் செய்து 1993இல் புத்தகமாக எழுதினார்கள். அளவுச் சொல் எத்தனை என்று மட்டும் சொல்வதில்லை, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆங்கிலம் ஒரு 'அ'வை வைத்துக்கொண்டு செய்வதை நாம் ஒரு 'தான்' வைத்துச் செய்கிறோம். "ஆறு மாசம்தான் ஆச்சு" என்பவரும் "ஆறு மாசம் ஆயிடுச்சு" என்பவரும் ஒரே ஆறைச் சொன்னாலும் ஒருவர் பொறுத்துக்கொள்கிறார், மற்றவர் பொறுமையிழந்துவிட்டார். படிவத்தில் இரண்டுமே 6. அந்த வித்தியாசத்தை எண்ணுக்குள் திணிக்க முடியாது, 'ஊழியர் கூறியது' என்ற பகுதியில் தனியாக எழுதி வைக்கலாம்.

அண்ணனின் விஷயம் சமரசத்திலேயே முடிந்தது. தொகையை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. தாளில் மாதத்தின் பெயர்கள் ஏழும் வரிசையாக இருந்தன: ஆகஸ்ட், செப்டம்பர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, மார்ச், ஏப்ரல். அக்டோபர் இல்லை, பிப்ரவரி இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேராக மணிக்கணக்கு.

பிறகு ஒரு ஞாயிறு, டீ குடிக்கும்போது கேட்டேன். "உங்க டார்மெட்ரில உங்கள மாதிரி ஓட்டி வராதவங்க வேற இருக்காங்களாண்ணே?"

"நிறைய பேர் இருக்காங்க மேடம்."

"நிறையன்னா?"

இந்த முறை அவர் ஜோடி எதுவும் சொல்லவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். பதினோரு பெயர் வந்தது. அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட மூன்று பேரைச் சொன்னார். அவர்களில் இருவர் போய் இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை.